தொகுப்பு விலையும் தனித்தனி விலையும்

பண்டிகை நெருங்கும் நாள்களில் நமது பண்டகசாலைகளும் கைத்தறி விற்பனை நிலையங்களும் பல பொருள்களை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு விற்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2025ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் துறை ரூ.199, ரூ.499, ரூ.999 என மூன்று விலைகளில் ‘கூட்டுறவுப் பொங்கல்’ தொகுப்புகளை விற்பனைக்கு வைத்ததை வாசகர்கள் அறிவர். குடும்ப அட்டைக்கு அரசு வழங்கும் பொங்கல் பரிசுத் தொகுப்பு வேறு. அதற்கு விலை இல்லை, ஆகையால் மிச்சக் கணக்கும் இல்லை. காசு கொடுத்து வாங்கும் தொகுப்பிலோ, வாங்குபவர் கேட்பது ஒரே கேள்விதான்: இவற்றைத் தனித்தனியாக வாங்குவதைவிட இப்படி வாங்குவதால் எனக்கு எவ்வளவு மிச்சம்?

இந்தக் கேள்விக்குச் சங்கத்தின் அறிவிப்பு எவ்விதம் விடை சொல்ல வேண்டும் என்பதே இம்மாதப் பாடம். அறிவிப்பு என்று நாம் சொல்வது கடை வாயிலில் தொங்கும் அட்டையாகவும் இருக்கலாம், வீடு வீடாகக் கொடுக்கும் துண்டுப் பிரசுரமாகவும் இருக்கலாம். எழுதி வைத்த அறிவிப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வரி வரியாகத் திருத்திப் பார்ப்போம்.

நீடாமங்கலத்துக் கடைத்தெருவில் கைத்தறித் துணியும் மளிகையும் ஒருங்கே விற்கும் கூட்டுறவு நிலையம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் யாவும் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவையே. அந்நிலையத்தின் எழுத்தர் பொங்கலுக்கு எழுதிக்கொடுத்த அறிவிப்பு இது:

“பொங்கல் பெருந்தொகுப்பு! ரூ.1,120 மதிப்புள்ள பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், வேட்டி, துண்டு ஆகியவை ரூ.840 மட்டுமே! 25 சதவிகிதம் சேமிப்பு! துணிப்பை இலவசம்!”

கூட்டல் கழித்தலில் இதில் பிழை காண முடியாது. 1,120இல் 840ஐக் கழித்தால் 280. அது 1,120இல் சரியாகக் கால் பங்கு. ஆயினும் இந்த 280 ரூபாய் எந்த அங்கத்தினர் கைக்கும் மிச்சமாக வந்து சேராது. ஏன் என்பதை அறிய, 1,120 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று எழுத்தரைக் கேட்க வேண்டும். திருத்துபவரின் முதல் வேலை அதுவே. சொற்களைத் தொடுமுன் எண்ணின் பிறப்பிடத்தைத் தேட வேண்டும்.

எழுத்தர் காட்டிய குறிப்பு வருமாறு: பச்சரிசி இரண்டு கிலோ 130, பாசிப்பருப்பு அரை கிலோ 75, வெல்லம் ஒரு கிலோ 80, நெய் 165, வேட்டி 450, துண்டு 180, துணிப்பை 40. கூட்டினால் 1,120. மளிகைப் பொருள்களுக்கு அவர் எடுத்தது பையின்மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை. துணிக்கு எடுத்தது தள்ளுபடிக்கு முந்திய விலை. பைக்கு எடுத்தது, சங்கம் அதை விற்காவிடினும், வெளியில் அப்படிப்பட்ட பை என்ன விலை போகும் என்ற மதிப்பு. மூன்று வகை விலைகள் ஒரே கூட்டலில் கலந்துவிட்டன. ‘மதிப்புள்ள’ என்ற ஒரு சொல் அம்மூன்றையும் போர்த்தி மறைக்கிறது. இத்தகைய அறிவிப்புகளில் ‘மதிப்பு’ என்ற சொல்லைக் கண்டவுடன் யாருடைய விலை, எந்த நாள் விலை என்று கேட்கும் பழக்கம் திருத்துபவர்க்கு வேண்டும். பெரும்பாலும் அச்சொல்லை நீக்கிவிடுவதே நலம்.

தொகுப்பின் விலையை ஒப்பிட வேண்டியது ஒரே ஒரு விலையோடுதான். அதே நிலையத்தில், அதே நாளில், அதே அளவில், அதே தரத்தில் அப்பொருளைத் தனியாகக் கேட்கும் ஒருவரிடம் உண்மையில் என்ன விலை வாங்குகிறோமோ அதுவே அது. அச்சிட்ட அதிகபட்ச விலை என்பது அதற்குமேல் விற்கலாகாது என்னும் வரம்பு மட்டுமே. அதற்குக் கீழே விற்பது நமது நிலையங்களில் அன்றாட நடப்பு. எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கும் அந்தக் குறைவைத் தொகுப்பால் வந்த மிச்சமென்று சொல்வது பொருந்தாது.

சட்டமும் இவ்விடத்தில் கவனிக்கத் தக்கது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் வழக்கமாக விற்கும் விலையைப் பற்றி மக்களைப் பெரிதும் தவறாக எண்ணச் செய்வதை நேர்மையற்ற வணிக முறைகளுள் ஒன்றாக வைக்கிறது. அதோடு ஒரு விளக்கமும் தருகிறது: விற்பவர் தம்முடைய சொந்த விலையையே குறிப்பிடுவதாகத் தெளிவாகச் சொன்னாலன்றி, அவர் சொல்லும் விலை அந்த வட்டாரச் சந்தையில் பொதுவாக விற்பவர்கள் வாங்கும் விலையாகவே கொள்ளப்படும். ஆகவே ‘தனித்தனி விலை ரூ.910’ என்று மட்டும் எழுதினால், ஊர்க் கடைகளின் பொது விலை அது என்று நாம் உறுதி சொன்னதாக ஆகும். ‘இந்நிலையத்தில் தனித்தனியாக வாங்கினால்’ என்று இரண்டு சொற்களைக் கூட்டி எழுதினால், நம்மால் மெய்ப்பிக்கக் கூடியதை மட்டும் சொன்னவர்களாவோம்.

அந்த விலையை எழுத்தரின் நினைவிலிருந்து எடுக்கக் கூடாது, கொள்முதல் புத்தகத்திலிருந்தும் எடுக்கக் கூடாது. திருத்துபவர் விற்பனை மேசைக்குப் போய், ஆறு பொருள்களையும் தொகுப்பு என்று சொல்லாமல் தனித்தனியாகக் கேட்டு, ஒரு பட்டியல் போடச் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலின் அடித்தொகையே நமக்கு வேண்டிய எண். நமது நிலையத்தில் அவ்வாறு போட்ட பட்டியலில் பச்சரிசி கிலோ 58 வீதம் இரண்டுக்கு 116, பருப்பு 68, வெல்லம் 72, நெய் 150 என்று மளிகை மொத்தம் 406 வருகிறது. துணிக்கு அன்று 20 சதவிகிதத் தள்ளுபடி நடப்பில் இருப்பதால் 450 ரூபாய் வேட்டி 360க்கும், 180 ரூபாய் துண்டு 144க்கும் பட்டியலாகின்றன. துணி மொத்தம் 504. ஆக, தனித்தனியாக வாங்கினால் ரூ.910. தொகுப்பு ரூ.840. மிச்சம் ரூ.70.

280 எங்கே, 70 எங்கே! நடுவில் போன 210 ரூபாயையும் வரிசையாகக் கண்டுபிடித்துவிடலாம். அச்சு விலைக்கும் நமது விற்பனை விலைக்கும் உள்ள வேறுபாடு மளிகையில் 44. கைத்தறித் தள்ளுபடி வேட்டிக்கு 90, துண்டுக்கு 36, ஆக 126. துணிப்பைக்கு இட்ட மதிப்பு 40. மூன்றும் சேர்ந்து 210. இவற்றுள் முதல் இரண்டும் தொகுப்பை வாங்காதவர்க்கும் கிடைப்பவை. மூன்றாவது, விலையே இல்லாத பொருளுக்குக் கற்பித்த விலை. தொகுப்பாக வாங்கியதற்காகச் சங்கம் விட்டுக்கொடுத்தது எஞ்சிய 70 ரூபாயே.

கைத்தறித் தள்ளுபடியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நமது நிலையங்களில் கணக்குக் கலங்குவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் முதலாக நெசவாளர் சங்கங்கள் யாவும் பண்டிகைக் காலத்தில் தள்ளுபடியோடு விற்பதை மக்கள் நெடுங்காலமாகக் கண்டு பழகியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் வேட்டி வாங்க வருபவர், சீட்டிலுள்ள விலையைப் பார்த்தவுடன் தள்ளுபடியை மனத்துக்குள் கழித்துவிட்டே பேசுகிறார். அவருக்கு 450 என்பது விலையே அன்று, 360தான் விலை. தள்ளுபடி நாள்களிலேயே தொகுப்பையும் விற்கும்போது, ஒப்பீட்டில் 450ஐ வைத்தால், அரசு அளித்த தள்ளுபடியையே சங்கம் தன் சலுகை என்று இரண்டாம் முறை சொல்வதாகும். ஓர் உருப்படிக்கு இவ்வளவுக்கு மேல் தள்ளுபடி இல்லை என்று வரம்பு வைத்திருந்தால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விலை உயர்ந்த சேலைகளில் 20 சதவிகிதம் என்று எழுதியிருந்தாலும், வரம்பு குறுக்கிட்டுக் கழிவு அதைவிடக் குறைந்துபோவது உண்டு. மேசையில் போட்ட பட்டியல் இதையும் தானே காட்டிவிடும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. பொங்கல் கழிந்து தள்ளுபடி முடிந்த மறுநாளும் தொகுப்பை அதே ரூ.840க்கு விற்றால், தனித்தனி மொத்தம் மளிகை 406, வேட்டி 450, துண்டு 180 சேர்ந்து 1,036 ஆகிவிடும், மிச்சம் 196. தொகுப்பில் ஒரு பருப்பும் மாறவில்லை, ஆனால் மிச்சம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது! அறிவிப்பில் தேதி இல்லையேல், எந்த எண்ணும் இரண்டு வாரத்தில் பொய்யாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

துணிப்பைக்கு வருவோம். ‘இலவசம்’ என்ற சொல் இங்கே நிற்குமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூன் மாதத்தில் வெளியிட்ட நெறிமுறைகளில், தொகுப்பின் விலைக்குள் அடங்கிய ஒரு பொருளை இலவசம் என்று வருணிக்கலாகாது என்று கூறப்பட்டுள்ளது. சோதிப்பது எளிது. பை வேண்டாம் என்பவர்க்கு விலை குறையுமா என்று கேட்டுப் பார்க்கலாம். குறையுமாயின் பை இலவசமன்று. எழுத்தரோ பையின் 40 ரூபாயை 1,120க்குள் சேர்த்துக்கொண்டு, பின்னர் அதையே இலவசமென்றும் எழுதியிருக்கிறார். ஒரே பொருள் கணக்கில் ஒரு முறையும் கணக்குக்கு வெளியே மற்றொரு முறையும் வந்துவிட்டது. இரண்டில் ஒன்றே செல்லும். அப்பையை நிலையம் நாள்தோறும் 40 ரூபாய்க்கு விற்று வருவதாயின், அதை ஏழாம் பொருளாகச் சேர்த்துத் தனித்தனி மொத்தம் 950, மிச்சம் 110 என்று எழுதலாம். ‘இலவசம்’ என்ற சொல் போய்விட வேண்டும். நமது நிலையம் பையை விற்பதில்லை. ஆகவே, ‘பொருள்களை இட்டுச் செல்லத் துணிப்பை தரப்படும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடுத்தது அளவு. மூல அறிவிப்பில் ஒரு பொருளுக்கும் அளவு சொல்லப்படவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். அளவு இல்லாத இடத்தில் ஒப்பீடும் இல்லை. வேட்டி என்றால் நான்கு முழமா, எட்டு முழமா? இரண்டும் வெவ்வேறு விலை. பச்சரிசி என்றால் எந்த ரகம், பழையதா, புதியதா? நீடாமங்கலத்தார் அரிசியில் இந்த வேறுபாட்டைக் கையில் அள்ளியவுடன் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் வெறுமனே ‘பச்சரிசி’ என்று எழுதிக் காட்டுவது நகைப்புக்கிடமாகும். நெய்யிலோ மற்றொரு நுட்பம் இருக்கிறது. 200 மில்லி லிட்டர் நெய் ஏறத்தாழ 182 கிராம் எடையே இருக்கும். நெய் தண்ணீரைவிட இலேசானது. தொகுப்பில் 200 மில்லி குப்பியை வைத்துவிட்டு, ஒப்பீட்டில் 200 கிராம் குப்பியின் விலையை எழுதினால், பதினெட்டுக் கிராம் நெய்யின் விலை மிச்சக் கணக்கில் வீணே ஏறிவிடும். குப்பியின்மேல் அச்சிட்ட அலகைப் பார்த்து அதையே எழுத வேண்டும்.

பெரிய பையில் வாங்கினால் விலை குறைவது மற்றொரு சிக்கல். நிலையத்தில் ஐந்து கிலோ அரிசிப் பை 270க்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். கிலோ 54 ஆகிறது. அவ்வழக்கமுள்ள குடும்பத்துக்கு இரண்டு கிலோ அரிசியின் விலை 116 அன்று, 108. அவர்களுக்கு மிச்சம் 62ஆகக் குறைகிறது. இதற்காக அறிவிப்பில் 108ஐ எழுத வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டு கிலோ மட்டும் வேண்டுபவர் ஒரு கிலோப் பைகள் இரண்டைத்தான் வாங்க முடியும். ஆகவே 116 நேர்மையான விலையே. ஆனால் எந்தப் பையின் விலை என்பதை அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட வேண்டும். பொட்டலப் பொருள் விதிகளில் 2021இல் அறிவிக்கப்பட்ட திருத்தத்தின்படி, கிலோவுக்கு அல்லது கிராமுக்கு இவ்வளவு என்னும் அலகு விலையும் பொட்டலங்களில் அச்சிடப்படுவதால், வாங்குபவர் எஞ்சியதைத் தாமே ஒப்பிட்டுக்கொள்வார்.

சதவிகிதத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மிச்சம் 70ஐத் தனித்தனி மொத்தமாகிய 910ஆல் வகுத்தால் 7.7 சதவிகிதம் வரும். 840ஆல் வகுத்தால் 8.3 வரும். முன்னதே முறை, எதோடு ஒப்பிடுகிறோமோ அதுவே வகுக்கும் எண். இரண்டாவது முறையில் வகுத்தால் மிச்சம் எப்போதும் சற்றுப் பெரிதாகவே தோன்றும். எங்கள் கருத்தில், தொகுப்பு அறிவிப்பில் சதவிகிதம் தேவையே இல்லை. ரூபாய்க் கணக்கு எல்லோருக்கும் புரியும். ‘25 சதவிகிதம் வரை’ என்று எழுதும் வழக்கம் அதனினும் மோசம். ஒரே தொகுப்புக்கு ஒரே மிச்சம்தானே இருக்க முடியும்? ‘வரை’ எதற்கு?

இனி, இப்பாடத்தில் நாம் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறோம். 70 ரூபாய் மிச்சம் என்பது ஆறு பொருளும் வேண்டியவர்க்கு மட்டுமே உண்மை. ஒரு பொருள் வேண்டாதவர்க்கு என்ன ஆகும்? துண்டு வேண்டாதவர் மற்ற ஐந்தையும் தனித்தனியாக வாங்கினால் 766 ரூபாயில் முடித்துவிடுவார். தொகுப்புக்கு அவர் தருவது 840. மிச்சத்துக்குப் பதில் 74 ரூபாய் கூடுதல் செலவு. இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: வேண்டாத பொருளின் தனி விலை மிச்சத் தொகையைவிட மிகுந்தால் தொகுப்பு அவருக்கு நட்டம். நமது தொகுப்பில் 70 ரூபாய்க்குக் குறைந்த பொருள் பருப்பு ஒன்றே. பருப்பு மட்டும் வேண்டாதவர்க்கு இரண்டு ரூபாய் மிஞ்சும். வெல்லம் மட்டும் வேண்டாதவர்க்கே இரண்டு ரூபாய் நட்டம் வந்துவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நீடாமங்கலம் வெண்ணாறு பிரியும் மூணாறு தலைப்பை அடுத்த ஊர். இங்கிருந்து சரக்கு இரயில்களில் அரிசி வெளி மாவட்டங்களுக்குப் போகிறது. தை பிறக்கும் தறுவாயில் சம்பா அறுவடை நடக்கும். பொங்கலுக்குப் புத்தரிசி வைத்திருக்கும் விவசாயக் குடும்பம் கடையில் பச்சரிசி வாங்குமா? அரிசியை நீக்கிவிட்டால் அவர்களுக்குத் தனித்தனி மொத்தம் 794. தொகுப்பில் 46 ரூபாய் கூடுதலாகப் போகிறது. தறி வைத்திருக்கும் குடும்பமோ வேட்டியை விலைக்கு வாங்குவது அரிது. வேட்டியை நீக்கினால் தனித்தனி மொத்தம் 550தான். தொகுப்பு அவர்களுக்கு 290 ரூபாய் கூடுதல். அரிசி விளைவிப்பவர்க்கும் துணி நெய்பவர்க்கும் பொதுவாக இருக்கும் ஒரு சங்கம், இரண்டையும் ஒரே கட்டில் வைத்தால், அதன் அங்கத்தினருள் பலர்க்கு அக்கட்டு ஆகாது. இரண்டும் வேண்டிய சம்பளக்காரக் குடும்பங்களுக்கே அது பொருந்தும்.

தொகுப்பின் அமைப்பை அறிவிப்பால் மாற்றிவிட முடியாது. அது நிர்வாகக் குழுவின் வேலை. ஆயினும் அறிவிப்பு ஒன்று செய்யலாம். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் தனி விலையை எழுதிவிட்டால், வேண்டாத வரியை மனத்தில் அடித்துவிட்டு மீதியைக் கூட்டிப் பார்க்க வாங்குபவரால் முடியும். மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் முடியாது. ‘எல்லாப் பொருள்களும் தனித்தனியாகவும் கிடைக்கும்’ என்ற வரியும் கூடவே வேண்டும். தொகுப்பு விற்றுத் தீரும் வரை சில்லறையில் நெய் இல்லை என்று சொல்லும் நிலையம், ‘தனித்தனியாக வாங்கினால்’ என்ற ஒப்பீட்டையே அறுத்துவிடுகிறது.

இவ்வளவையும் சேர்த்துத் திருத்திய அறிவிப்பு இவ்வாறு அமையும்:

பொங்கல் தொகுப்பு – ரூ.840

பொன்னிப் பச்சரிசி 2 கிலோ (ஒரு கிலோப் பை இரண்டு) – ரூ.116
பாசிப்பருப்பு அரை கிலோ – ரூ.68
வெல்லம் 1 கிலோ – ரூ.72
நெய் 200 மி.லி. – ரூ.150
கைத்தறி வேட்டி, 4 முழம், ஒன்று (ரூ.450, தள்ளுபடி போக) – ரூ.360
கைத்தறித் துண்டு ஒன்று (ரூ.180, தள்ளுபடி போக) – ரூ.144

இந்நிலையத்தில் தனித்தனியாக வாங்கினால் – ரூ.910
தொகுப்பாக வாங்கினால் – ரூ.840
மிச்சம் – ரூ.70

இவ்விலைகள் ஜனவரி 5 முதல் 16 வரை. எல்லாப் பொருள்களும் தனித்தனியாகவும் கிடைக்கும். பொருள்களை இட்டுச் செல்லத் துணிப்பை தரப்படும்.

‘பெருந்தொகுப்பு’ போய்விட்டது, வியப்புக்குறி நான்கும் போய்விட்டன. வேட்டியின் 450ஐ முற்றிலும் நீக்காமல் அடைப்புக்குறிக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. துணியில் தைத்த சீட்டில் 450 என்றிருக்க, அட்டையில் 360 என்று மட்டும் கண்டால் வாங்குபவர் குழம்புவார். இரண்டையும் காட்டி, கூட்டலுக்கு எடுத்தது எது என்பதையும் காட்டிவிட்டோம்.

நிர்வாகக் குழுவில் ஒருவர் எழுந்து, “எழுபது ரூபாய் என்று எழுதினால் யார் வருவார்கள்? எதிர்க்கடையில் முந்நூறு மிச்சம் என்று எழுதியிருக்கிறதே!” என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே, எதிர்க்கடைக்காரர் அட்டையை நாம் திருத்த முடியாது. ஆனால் நமது நிலையத்துக்கு வருபவர் ஒரு வாரத்துக்கு முன் இதே மேசையில் நெய்யை 150க்கு வாங்கியவர்; பட்டியல் அவர் வீட்டில் இருக்கும். அட்டையில் நெய் 165 என்று கண்டால், அடுத்து அவர் தராசையும் சந்தேகிப்பார், துணியின் தள்ளுபடியையும் சந்தேகிப்பார். மிச்சத்தைப் பெரிதாக்க வேண்டுமென்றால் தொகுப்பின் விலையைக் குறைப்பதே வழி. நூற்றுக்குப் பதினைந்து உண்மையாகக் கொடுக்க எண்ணினால் 910இல் 136 ரூபாய் 50 காசு விட்டுத் தொகுப்பை 773 ரூபாய் 50 காசுக்கு விற்க வேண்டும். மிச்சத்தை 70ஆகவே விட்டுவிடுவதா, இன்னும் 66 ரூபாய் 50 காசை எந்தப் பொருளின் லாபத்திலிருந்து எடுப்பதா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும்.

விலையை முடிவு செய்யும்போது வரியையும் பார்த்துவிட வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, பலவகைப் பொருள்களை ஒன்றாகக் கட்டி ஒற்றை விலைக்கு விற்றால், அவற்றுள் எதற்கு வரி விகிதம் மிகுதியோ அவ்விகிதமே முழுத் தொகுப்புக்கும் பொருந்தும். மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும்போது வரியில்லாத அரிசியும், வரியுள்ள நெய்யோடும் துணியோடும் ஒரு கட்டுக்குள் வந்தவுடன் வரிக்கு உட்பட நேரிடலாம். அட்டை அச்சான பிறகு இதைக் கண்டு, ‘வரி தனி’ என்று அடியில் ஒட்டுச்சீட்டு ஒட்டினால் மிச்சக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். அட்டையிலுள்ள 910, 840 ஆகிய இரண்டும் வாங்குபவர் கையிலிருந்து போகும் இறுதித் தொகையாகவே இருக்க வேண்டும்.

அட்டை தொங்கும் நாள்களில் வெல்லத்தின் விலை மாறிவிட்டால் என்ன செய்வது? பொங்கல் வாரத்தில் அது மாறுவது இயல்பே. நிலையம் வெல்லத்தை 72லிருந்து 66க்கு இறக்கினால், தனித்தனி மொத்தம் 904 ஆகிறது, மிச்சம் 64 ஆகிறது. மூன்று எண்களையும் அன்று காலையே அழித்து எழுத வேண்டும். விலை ஏறி மிச்சம் கூடினாலும் அவ்வாறே. இதை எண்ணியே, அட்டையில் பொருள்களின் பெயரையும் அளவையும் அச்சிட்டு, விலைப் பகுதியைச் சுண்ணக்கட்டியால் எழுதத் தக்கபடி கறுப்பாக விட்டுவைப்பது நல்லது. துண்டுப் பிரசுரத்தில் அழித்தெழுத முடியாது. ஆகையால் அதில் ‘ஜனவரி 5ஆம் தேதி விலைப்படி’ என்று போட்டு, அன்று மேசையில் போட்ட பட்டியலின் நகலைச் செயலாளரின் கோப்பில் வைத்துவிட வேண்டும்.